பூச்சு காலியாக ஒலிக்கிறதா, விரிசல் விடுகிறதா: பெயர்ந்த துண்டைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் முறை

பூச்சு வேலை முடிந்து இரண்டு வாரம் கழித்துச் சுவரைத் தட்டினால் சில இடங்கள் கெட்டியாகவும் சில இடங்கள் காலியாகவும் ஒலிக்கும். வேறு சில சுவர்களில் ஒலி சரியாக இருக்கும், ஆனால் மேலே வலைபோல மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். பலர் இரண்டுக்கும் ஒரே காரணம் சொல்வார்கள்: “சிமெண்ட் குறைவாகப் போட்டுவிட்டார்கள்.” பெரும்பாலான சுவர்களில் இது தவறு. பூச்சு சுவரை விட்டு விலகுவதற்குக் காரணம் பெரும்பாலும் பூசுவதற்கு முன் சுவர் இருந்த நிலைதான். விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் சிமெண்ட், மணலில் உள்ள பொடி, தண்ணீர் இவற்றில் ஏதோ ஒன்று அதிகமானதுதான். காரணம் தெரியாமல் இடித்துவிட்டு மறுபடியும் அதே முறையில் பூசினால், அதே கோளாறு அதே இடத்தில் திரும்ப வரும்.

கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை என்று பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய எல்லை ஊர்களில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. ஆடியில் மேல்காற்றும், மார்கழி, தையில் காய்ந்த கீழ்காற்றும் பூசிய சுவரின் ஈரத்தைச் சில மணி நேரத்தில் இழுத்துக்கொண்டு போய்விடும். போதாததற்கு ஒரே வீட்டில் செங்கல், ஹாலோ பிளாக், லாரியில் வரும் வெட்டுக்கல், கான்கிரீட் தூண் என்று நாலு வகைப் பரப்பு இருக்கும். ஒவ்வொன்றும் தண்ணீரை வேறு வேறு வேகத்தில் உறிஞ்சும். கொத்தனார் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நனைத்து ஒரே மாதிரிப் பூசினால் ஏதாவது ஒரு பரப்பு கண்டிப்பாகக் கைவிடும்.

முதலில் தட்டிப் பாருங்கள், பிறகு ஒரு துண்டைப் பெயர்த்துப் பாருங்கள்

பூசி 14 நாள் ஆகி, தண்ணீர் விடுவது நின்று சுவர் உலர்ந்த பிறகு தட்டுங்கள். ஈரச் சுவரில் ஒலி மந்தமாக இருக்கும், வேறுபாடு தெரியாது. ஒரு மரக்கட்டை அல்லது கனமான நாணயத்தால் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போய், காலியாக ஒலிக்கும் இடத்தின் எல்லையைச் சாக்பீஸால் வரையுங்கள். தூண், பீம் ஓரம், ஜன்னலுக்குக் கீழே, வயரிங் குழாய் பதித்த கோடு, இவற்றைக் கட்டாயம் தட்ட வேண்டும்.

வரைந்த இடங்களில் ஒன்றை மட்டும் கவனமாக உளியால் பெயர்த்து எடுங்கள். பூச்சின் முகப்பைவிட அதன் முதுகுதான் விஷயத்தைச் சொல்லும். துண்டின் பின்பக்கத்தையும், சுவரில் அது ஒட்டியிருந்த இடத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். கீழே உள்ள நிலைகளில் ஏதாவது ஒன்று தெரியும்.

துண்டின் பின்பக்கம் வழுவழுப்பாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால்

இது தூணிலும் பீமிலும் சீலிங்கிலும் வரும் கோளாறு. பலகையின் அச்சு அப்படியே துண்டின் முதுகில் பதிந்திருக்கும். அதாவது, பூச்சு கான்கிரீட்டைப் பிடிக்கவே இல்லை. ஒட்டாமல் நின்றுகொண்டிருந்தது. தகட்டுப் பலகையில் வார்த்த கான்கிரீட் கண்ணாடிபோல இருக்கும், தண்ணீரையும் அதிகம் உறிஞ்சாது. பலகையில் தடவிய எண்ணெய் மிச்சமிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

சரிசெய்ய, கான்கிரீட்டைக் கொத்துளியால் நெருக்கமாகக் கொத்த வேண்டும். ஒவ்வொரு கொத்தும் சுமார் 3 மி.மீ. ஆழம், ஒன்றுக்கொன்று 5 செ.மீ. இடைவெளி. பத்துப் பதினைந்து கொத்து போட்டுவிட்டுக் கொத்தியாயிற்று என்பார்கள். ஒரு சதுர அடியை எண்ணிப் பாருங்கள், முப்பதுக்கு மேல் இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கம்பிப் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்து நன்றாக அலசிவிடுங்கள்.

அடுத்தது தெறிப்பு. ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு பரும மணல், கூழ்போல ஓடும் அளவுக்குத் தண்ணீர். கரண்டியால் வீசி அடித்தால் முள்முள்ளாகப் பரப்பில் ஒட்டும். அதைத் தேய்த்து மட்டமாக்கக் கூடாது, முள்ளாக நிற்பதுதான் அதன் வேலை. இரண்டு நாள் நனைத்து இறுக விட்டு, கையால் தேய்த்தால் உதிரவில்லை என்று பார்த்த பிறகு பூசுங்கள்.

தெறிப்புக்குப் பதிலாகச் சிமெண்ட் பால் மட்டும் அடிக்கும் வழக்கம் உண்டு. அது தவறில்லை, ஆனால் பால் ஈரமாக இருக்கும்போதே பூச்சு ஏற வேண்டும். காலையில் தூண் முழுதும் பால் அடித்துவிட்டு, டீ குடித்து வந்து பூசினால், காய்ந்த பால் ஒரு மெல்லிய தூசுப் படலமாகிப் பூச்சைத் தள்ளிவிடும். காற்றுக் காலத்தில் ஒரு கைக்கு எட்டும் அளவு, அதாவது பத்து நிமிடத்தில் பூசி மூடக்கூடிய பரப்புக்கு மட்டும் பால் அடிக்க வேண்டும்.

பின்பக்கத்தில் செம்பொடி படிந்திருந்தால்

செங்கல் சுவரிலும் வெட்டுக்கல் சுவரிலும் இது வரும். துண்டின் முதுகை விரலால் தேய்த்தால் சிவப்புப் பொடி ஒட்டும். சுவரைத் தூசு தட்டாமல் பூசியதுதான் காரணம். கலவை பொடியைப் பிடித்தது, பொடி கல்லைப் பிடிக்கவில்லை.

வெட்டுக்கல்லில் இது அதிகம், ஏனென்றால் அந்தக் கல்லை வெட்டும்போதே முகம் பொடியும். மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைக் கண்ட கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் புக்கானன் 1807-ல் வெளியான தன் பயண நூலில் இதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். வெட்டும்போது மென்மையாக இருந்து காற்றுப் பட்டு இறுகும் அதன் குணத்தையும் அவர் குறித்திருக்கிறார். வெட்டி இறக்கியவுடன் கட்டிப் பூசினால் இறுகாத முகம் பூச்சோடு சேர்ந்து உதிரும். கல்லின் ஓட்டைகளில் மண் அடைந்திருப்பதும் உண்டு. அதைக் குத்தி எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

செய்ய வேண்டியது இது: கல் இடுக்குகளில் உள்ள கலவையை 10 மி.மீ. ஆழத்துக்குக் கீறி எடுங்கள். இதைக் கட்டிய அன்றே செய்தால் எளிது, இறுகிய பிறகு உளி வேண்டும். கம்பிப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, பிறகு குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அலசுங்கள். அலசிய தண்ணீர் சிவப்பாக ஓடுவது நின்று தெளிவாக வரும்வரை அலச வேண்டும்.

கலவையே மணல் மணலாக உதிர்ந்தால்

துண்டு கையில் எடுத்தவுடன் நொறுங்குகிறது, பின்பக்கம் பொடிப் பொடியாக இருக்கிறது, முன்பக்கம் மட்டும் ஓரளவு கெட்டி. இதைப் பார்த்தவுடன் சிமெண்ட் குறைவு என்று தோன்றும். ஆனால் சுவர் உலர்ந்திருந்ததுதான் வழக்கமான காரணம். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை முதுகுப்பக்கமாக உறிஞ்சிவிடும். தண்ணீர் இல்லாமல் சிமெண்ட் இறுகாது. முன்பக்கம் பிறகு விட்ட தண்ணீரால் கொஞ்சம் தேறும், முதுகு தேறாது.

இதற்கு நனைப்பது மட்டும் போதாது, எப்போது நனைக்கிறோம் என்பதும் முக்கியம். செங்கல்லையும் வெட்டுக்கல்லையும் முந்தின நாள் மாலை ஊற நனைத்து, காலையில் மறுபடி லேசாகத் தெளித்து, மேலே தண்ணீர் மினுமினுப்பு மறைந்த பிறகு பூச வேண்டும். தண்ணீர் வழியும் சுவரில் பூசினால் இடையில் நீர்ப் படலம் நின்று, அதுவும் காலியாகவே ஒலிக்கும். சரியான ஈரத்தைச் சோதிக்கக் கையால் கொஞ்சம் தண்ணீரைச் சுவரில் தெளியுங்கள். உடனே மறைந்தால் இன்னும் நனைக்க வேண்டும், ஒழுகி ஓடினால் காத்திருக்க வேண்டும், சற்று நேரம் நின்று மெதுவாக இறங்கினால் பூசலாம். ஹாலோ பிளாக்குக்கு லேசான தெளிப்பே போதும். ஊறிய பிளாக் பின்னால் உலர்ந்து சுருங்கும்போது பூச்சையும் சேர்த்து விரிசல் விட வைக்கும்.

இன்னொரு காரணம், பழைய கலவை. தண்ணீர் சேர்த்த கலவையை அரை மணி நேரத்துக்குள் சுவரில் ஏற்றிவிட வேண்டும். ஒரு மூட்டையை மொத்தமாகக் கலந்துவிட்டு, கட்டியானதும் மறுபடி மறுபடி தண்ணீர் விட்டுக் குழைப்பதை நிறுத்துங்கள். ஒரு கொத்தனாருக்குக் கால் மூட்டைக் கலவை ஒரு தடவைக்குப் போதும்.

இரண்டு அடுக்காகப் பிரிந்தால், அல்லது தொங்கிக் கழன்றால்

சுவர் தூக்குக்குண்டுக்கு வராமல் வெளியே உள்ளே இருந்தால், அந்தக் குறையை எல்லாம் பூச்சில் மூடுவார்கள். அப்படி மூடும் இடங்களில் 30 மி.மீ. வரை ஒரே தடவையில் அடித்திருப்பார்கள். கனமான ஈரக் கலவை தன் எடையாலேயே சற்று கீழிறங்கி, சுவரிலிருந்து விலகிவிடும். மேலே தேய்ப்புப் பலகையான மணியாஸ் கட்டையால் தேய்த்துப் பளிச்சென்று முடித்திருப்பதால் அன்று எதுவும் தெரியாது.

உள்சுவருக்கு 12 மி.மீ. போதும். செங்கல்லின் கரடுமுரடான பக்கத்துக்கு 15 மி.மீ. ஒரே தடவையில் அதற்கு மேல் போகக் கூடாது. வெளிச்சுவருக்கு 20 மி.மீ. என்றால் இரண்டு அடுக்கு: முதலில் 12, பிறகு 8. முதல் அடுக்கு இறுகும் முன் கரண்டி முனையால் அலையலையாகக் கீறிவிட்டு, குறைந்தது இரண்டு நாள் ஈரமாக வைத்த பிறகு அடுத்த அடுக்கு. சீலிங்குக்கு 6 முதல் 8 மி.மீ.தான்.

உள் அடுக்கைவிட மேல் அடுக்கு வலுவாக இருக்கக் கூடாது. உள்ளே ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல், அதாவது 1:4 என்றால், மேலே 1:5 அல்லது 1:6. மேல் அடுக்கு வலுத்தால், அது சுருங்கும்போது கீழ் அடுக்கைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பெயர்த்த துண்டின் முதுகில் கீறல் அடையாளம் இல்லாமல் முதல் அடுக்கின் மேலேயே பிரிந்திருந்தால், முதல் அடுக்கைக் கீறாமல் விட்டதோ மேல் அடுக்கு வலுத்ததோதான் காரணம்.

ஒலி கெட்டி, ஆனால் மேலே வலை விரிசல்

சுருக்கத்தால் வருவது இது. பூசிய முதல் இரண்டு மூன்று நாளிலேயே தெரிய ஆரம்பிக்கும். நனைத்துத் துடைத்தால் கோடுகள் கருப்பாகத் தெளிவாகத் தெரியும்.

முதல் சந்தேகம் மணல் மேல். ஆற்று மணல் கிடைக்காததால் பெரும்பாலானவர்கள் கல்லை உடைத்துச் செய்யும் எம்.சாண்டுக்கு வந்தாயிற்று. பூச்சுக்கு அதில் பி.சாண்ட் தனியாக வருகிறது. கழுவாத பி.சாண்டில் கல்மாவு அதிகம் இருக்கும். மாவு கலந்த கலவை கரண்டிக்கு வெண்ணெய்போல இழையும் என்பதால் கொத்தனாருக்குப் பிடிக்கும். ஆனால் அந்த மாவு நிறையத் தண்ணீர் கேட்கும், அந்தத் தண்ணீர் வெளியேறும்போது பூச்சு சுருங்கும். லோடு இறங்கும் முன் சோதித்துவிடுங்கள். நேரான கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மணல், முக்கால் வரை தண்ணீர், ஒரு ஸ்பூன் உப்பு. நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேல் படியும் மெல்லிய பொடி அடுக்கின் உயரம், கீழே உள்ள மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் அந்த லோடைப் பூச்சுக்கு எடுக்காதீர்கள்.

இரண்டாவது, பங்கு. உள்சுவருக்கு 1:5 அல்லது 1:6, வெளிச்சுவருக்கு 1:4 அல்லது 1:5, சீலிங்குக்கு 1:3 அல்லது 1:4. வலுவாக இருக்கட்டும் என்று உள்சுவருக்கு 1:3 போடுவது விரிசலைக் காசு கொடுத்து வாங்குவது. அளவு பாண்டு கணக்கில் போனால் பங்கு என்ன என்பது யாருக்கும் தெரியாது. 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்தில் ஒரு மரப் பெட்டி அடித்துக்கொள்ளுங்கள். அது 35 லிட்டர், 50 கிலோ சிமெண்ட் மூட்டையின் கொள்ளளவும் அதுதான். மூட்டைக்கு ஐந்து பெட்டி மணல் என்றால் 1:5. ஈர மணல் உப்பி நிற்கும், கொள்ளளவில் கால் பங்கு வரை கூடும் என்பதால் ஐந்து பெட்டி ஈர மணலில் உண்மையான மணல் நாலு பெட்டிதான் இருக்கும். மழைக்குப் பிறகு அளக்கும்போது ஆறு பெட்டி போட்டால்தான் 1:5 கிட்ட வரும். இதைக் கவனிக்காத இடத்தில் கலவை தெரியாமலேயே வலுத்துப்போகிறது.

மூன்றாவது, முடிப்பு. ஈரம் துள்ளும் பூச்சு சீக்கிரம் இறுக, மேலே உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பார்கள். அப்படித் தூவினால் மேலே சிமெண்ட் மட்டுமே உள்ள ஒரு தோல் உருவாகும், அது கண்டிப்பாக வலை விரிசல் விடும். தூவலைத் தடைசெய்யுங்கள், தண்ணீரைக் குறைத்துக் கலக்கச் சொல்லுங்கள். இரும்புக் கரண்டியால் அளவுக்கு மீறித் தேய்ப்பதும் சிமெண்ட் பாலை மேலே இழுத்து அதே வேலையைத்தான் செய்யும். வர்ணம் அடிக்கும் சுவருக்கு மணியாஸ் கட்டை முடிப்பு போதும்.

விரிசல் எப்போதும் தொல்லை கொடுக்கும் இடத்தில் சுண்ணாம்பு சேர்ப்பது நல்லது. ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். சுண்ணாம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும், காற்று அதைச் சட்டென்று பறிக்க முடியாது. கணவாய்க் காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கலவை இல்லை. இப்போது யாரும் போடாததற்குக் காரணம் வேலை மெனக்கெட வேண்டும் என்பது மட்டும்தான்.

நேர்கோடாக ஓடும் விரிசல் வேறு விஷயம். தூணும் செங்கல்லும் சேரும் கோட்டில் வந்தால், அங்கே கோழிக்கம்பி வலை வைக்கவில்லை என்று பொருள். சேரும் கோட்டுக்கு இரு பக்கமும் 15 செ.மீ. விழும்படி வலையை இழுத்து ஆணியடித்துப் பூச வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் செங்கல்லிலும் தொடர்ந்தால், பூச்சு வேலையில் அதைத் தீர்க்க முடியாது. பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஒரு சுவரைச் சரிசெய்யும் கணக்கு

எல்லை ஊர் வீடுகளில் அடிக்கடி காணும் நிலையை எடுத்துக்கொள்வோம். மேற்குப் பார்த்த ஹால் சுவர், 12 அடிக்கு 10 அடி, செங்கல். வலது ஓரத்தில் கான்கிரீட் தூண். ஆடிக் காற்றில் பூசியது. தட்டியதில் தூண் முழுதும் காலி, சுமார் 12 சதுர அடி. ஜன்னலுக்குக் கீழே 8 சதுர அடி காலி. மற்ற இடம் கெட்டி, ஆனால் பரவலாக வலை விரிசல். உள்ளங்கை அளவில் இரண்டு இடம் காலி, அங்கே விரிசல் இல்லை.

தூணில் பெயர்த்த துண்டு வழுவழுப்பு, ஜன்னலுக்குக் கீழே பெயர்த்தது செம்பொடி. ஆக, இரண்டு காரணங்கள். உள்ளங்கை அளவு இடங்களை விட்டுவிடலாம். சீலிங்காக இருந்தால் அதைக்கூட விடக் கூடாது, தலையில் விழும்.

காலி இடங்களைச் சுற்றி, சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் தள்ளி, கெட்டியான பூச்சில் கட்டர் வைத்துச் சதுரமாக அறுக்க வேண்டும். வயரிங் குழாய் போகும் கோட்டைப் பார்த்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, 10 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் அறுங்கள். உள்ளே இருப்பதை உளியால் எடுத்து, ஓரங்களை உள்பக்கம் சற்றுச் சாய்வாக வெட்டினால் புதுப் பூச்சு கவ்வி நிற்கும்.

20 சதுர அடிக்கு 15 மி.மீ. கனம், 1:5 பங்கில், பள்ளம் மேடு சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு பெட்டி மணலும் 7 லிட்டர் சிமெண்டும், அதாவது சுமார் 10 கிலோவும் தேவை. ஒட்டு வேலை என்று சிமெண்டைக் கூட்டாதீர்கள். பழைய பூச்சைவிட ஒட்டு வலுத்தால் சேரும் கோடு மறுபடி விலகும்.

முதல் நாள் தூணைக் கொத்தித் தெறிப்பு அடித்து, தூண் ஓரத்தில் வலை கட்டிவிடுங்கள். ஜன்னலுக்குக் கீழே கீறி, தேய்த்து, அலசுங்கள். அடுத்த இரண்டு நாள் தெறிப்பை நனையுங்கள். மூன்றாம் நாள் மாலை செங்கல் பகுதியை ஊற நனைத்து, நான்காம் நாள் காலை வெயில் ஏறும் முன் பூசுங்கள். பழைய பூச்சின் வெட்டு ஓரத்துக்கும் தண்ணீர் காட்டிச் சிமெண்ட் பால் தடவ மறக்காதீர்கள். மேற்கு ஜன்னல்களைச் சாக்கு கட்டி மூடிவிட வேண்டும். பூசிய பின் காற்று நேராக அடிக்கக் கூடாது.

தண்ணீர் விடுவது மறுநாள் காலை தொடங்கி, குறைந்தது 7 நாள். இப்போது கிடைப்பது பெரும்பாலும் மெதுவாக இறுகும் பி.பி.சி. சிமெண்ட் என்பதால் 10 நாள் விடுவதே சரி. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை என்ற கணக்கு இந்தக் காற்றுக்குப் போதாது. சுவர் வெளுக்க விடாமல் நாளைக்கு நாலைந்து முறை தெளிக்க வேண்டும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டால் இரண்டு மூன்று முறை போதும்.

வலை விரிசலுக்கு இடிக்க வேண்டியதில்லை. ஒலி கெட்டியாக இருந்து, விரிசல் மயிரிழையைத் தாண்டாமல் இருந்தால், பூசி ஒரு மாதம் கழித்துச் சுவர் நன்றாக உலர்ந்த பின் பட்டி பார்த்து வர்ணம் அடிக்கலாம். தடித்த கோடுகளை மட்டும் வி வடிவில் கீறி, நனைத்து, சிமெண்ட் பட்டியால் அடையுங்கள். அவசரப்பட்டு ஈரச் சுவரில் பட்டி இழுத்தால் விரிசல் பட்டியின் மேலேயும் வரும். பட்டி இழுக்கும் முன் ஒட்டுப் போட்ட இடங்களை இன்னொரு தடவை தட்டிப் பாருங்கள். ஏதாவது காலியாக ஒலித்தால் வர்ணத்துக்கு முன்பு பெயர்ப்பது மலிவு.